கணக்கீட்டு எண்ணக்கருக்கள்: தம்பி தங்கையருக்கு

வரைவிலக்கணத்தை மட்டும் பாடமாக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணக்கருவுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலை எழுதிப் பாருங்கள். திருகோணமலை சந்தையில் ஒரு துணிக்கடை. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. மார்ச் வாடகை ரூபா 30,000 இன்னும் கொடுக்கவில்லை. காசு போகாவிட்டாலும் அது இந்த ஆண்டுச் செலவுதான். செலவும் 30,000 கூடும், பொறுப்பும் 30,000 கூடும். இதுதான் அட்டுறு எண்ணக்கரு. பலர் செலவைச் சேர்த்துவிட்டுப் பொறுப்பை மறந்துவிடுவார்கள், கவனம்!

இருப்பின் கிரயம் 80,000, விற்கும் செலவு போகக் கிடைக்கக்கூடிய தேறிய தேறத்தக்க பெறுமதி 65,000 என்றால், இரண்டில் குறைந்த 65,000ஐத்தான் காட்ட வேண்டும். முதலாளி வீட்டுக்கு எடுத்த துணி எடுப்பனவு. அதை விற்பனையில் சேர்க்காதீர்கள்.

அப்புறம், கடந்தகால வினாத்தாளை நேரம் பார்த்துச் செய்யுங்கள். விடைக்கு ‘ஏன்’ என்று ஒரு வரியும் எழுதுங்கள். விளங்காவிட்டால் சனிக்கிழமை பின்னேரம் நூலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து செய்வோம்.