எட்டாம் வகுப்புப் பிரிவுகளுக்கு இடையே எறிபந்து: மாணவிகளுக்கான ஆட்ட விதிகள்

வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு நம் பள்ளி மைதானத்தில் எட்டாம் வகுப்பு மாணவிகளுக்கான த்ரோபால் போட்டி தொடங்கும். முதல் ஆட்டம் ஏ பிரிவும் சி பிரிவும், அடுத்தது பி பிரிவும் டி பிரிவும். ஜெயித்த இரண்டு அணிகளும் இறுதி ஆட்டம் ஆடும். வெயில் ஏறுவதற்குள், 10 மணிக்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். அதனால் ஆடுகிறவர்கள், லைனில் நிற்கிறவர்கள், ஸ்கோர் எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

இந்த ஆட்டம் நம் ஊருக்கு மிக நெருக்கமானது. 1940-களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் சென்னையில் இது பரவியது. நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், இதன் விதிகள் உருவாக உழைத்தவர் என்று சொல்வார்கள்.

கோர்ட்

நீளம் 18.30 மீட்டர், அகலம் 12.20 மீட்டர். நடுவில் நெட், உயரம் 2.2 மீட்டர். நெட்டுக்கு இரு பக்கமும் ஒரு மீட்டர் தள்ளி ஒரு கோடு போட்டிருப்போம். அந்தக் கோட்டுக்கும் நெட்டுக்கும் நடுவில் உள்ள இடம்தான் நியூட்ரல் பாக்ஸ். அதற்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, எறிந்த வேகத்தில் தடுமாறிப் போய் வைத்தாலும் ஃபவுல்தான். நீங்கள் எறிந்த பந்து அங்கே விழுந்தாலும் பாயிண்ட் எதிரணிக்கு. சுண்ணாம்புக் கோடு கால் பட்டு அழியும் என்பதால் ஒவ்வொரு செட் முடிந்ததும் மறுபடி போடுவோம். எல்லைக் கோட்டின் மேல் விழுந்த பந்து உள்ளே விழுந்ததாகவே கணக்கு.

அணிக்கு ஏழு பேர் ஆடுவார்கள். எதிரணி சர்வீஸ் போடும்போது முன்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் இரண்டு பேர் என்று நிற்க வேண்டும். சர்வீஸ் பந்தைப் பிடித்த பிறகு நகர்ந்துகொள்ளலாம்.

பிடிப்பது

இந்த ஆட்டத்தில் பாதிக்கு மேல் இதுதான். வாலிபால் மாதிரி இங்கே பந்தைத் தட்டுவதே கிடையாது. வரும் பந்தை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். ஒரு கை முந்தி, இன்னொரு கை பிந்திப் போய்ச் சேர்ந்தால் ஃபவுல். பிடித்த பந்து உள்ளங்கைக்குள் உருளக் கூடாது, எகிறி மறுபடி கைக்கு வரக் கூடாது. 'டப்' என்று சத்தம் கேட்டாலும் அம்பயர் விசில் அடிப்பார்.

சத்தம் வராமல் பிடிப்பது பயிற்சியால் வருவது. பந்து வருவதற்கு முன்பே விரல்களை அகல விரித்து, இரண்டு கட்டை விரலும் நெருங்கி இருக்கும்படி கைகளை நீட்டி வையுங்கள். பந்து தொட்ட அந்த நொடியில் கைகளைக் கொஞ்சம் உங்கள் பக்கமாக இழுத்துக்கொள்ளுங்கள், முழங்கையும் கூடவே மடங்கட்டும். கையை விறைப்பாக வைத்திருந்தால் பந்து மோதிச் சத்தம் போடும், நழுவியும் போகும். நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதுதான் நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. உள்ளங்கையையும் விரல்களையும் தவிர வேறு எங்கே பட்டாலும், அது மணிக்கட்டாக இருந்தாலும், பாயிண்ட் போய்விடும்.

பிடிக்கும்போது குதிக்கக் கூடாது, கால் தரையில் இருக்க வேண்டும். தலைக்கு மேலே போகும் பந்தை எட்டிப் பிடிக்கத் தோன்றும். விட்டுவிடுங்கள், பின்னால் நிற்பவர் பார்த்துக்கொள்வார். இரண்டு பேர் சேர்ந்து ஒரே பந்தைப் பிடித்தாலும் ஃபவுல். இருவருக்கும் நடுவில் வரும் பந்துக்கு யாராவது ஒருவர் முந்திக்கொண்டு "எனக்கு!" என்று உரக்கச் சொல்லுங்கள். வாய் திறக்காத அணி இந்த ஒரு விஷயத்திலேயே நிறைய பாயிண்ட் இழக்கும்.

எறிவது

பிடித்த மூன்று நொடிக்குள் பந்து உங்கள் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். பிடித்தவரேதான் எறிய வேண்டும், பக்கத்தில் நிற்கும் தோழிக்குப் பாஸ் கொடுக்கக் கூடாது. ஒரே கையால்தான் எறிய வேண்டும், அதுவும் தோளுக்கு மேலிருந்து. இடுப்புப் பக்கமிருந்து சுழற்றி வீசுவதும், இரண்டு கையாலும் தள்ளுவதும் ஃபவுல். பந்தைப் பிடித்துக்கொண்டு இடதும் வலதுமாக ஆட்டி எதிரணியை ஏமாற்றவும் விதி இடம் தருவதில்லை. பிடித்த இடத்திலிருந்து நேராகத் தோளுக்கு மேலே கொண்டுபோய் எறியுங்கள். எறியும்போது மட்டும் குதிக்கலாம்.

ரேலி நடக்கும்போது பந்து நெட்டில் உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் ஆட்டம் தொடரும். நெட்டின் ஓரத்தில் நிற்கும் ஆன்டெனாவில் பட்டால் தொடராது. உங்கள் கையோ துப்பட்டாவோ நெட்டில் படக் கூடாது.

வேகமாக எறிவதுதான் வீரம் என்று நினைக்காதீர்கள். மூன்று பேருக்கு நடுவே காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்து, நெட்டை ஒட்டித் தாழ்வாக எறிந்த பந்து பெரும்பாலும் பாயிண்ட் ஆகிவிடும். உயரமாகத் தூக்கிப் போட்டால் எதிரணிக்கு ஓடிவந்து நிற்க நேரம் கிடைத்துவிடும்.

சர்வீஸ்

விசில் அடித்த ஐந்து நொடிக்குள், பின் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று போட வேண்டும். கோட்டை மிதிக்கக் கூடாது. ரேலியில் நெட் பட்டால் பரவாயில்லை, சர்வீஸ் பந்து மட்டும் நெட்டில் படவே கூடாது. பட்டால் சர்வீஸ் எதிரணிக்குப் போய்விடும். பயிற்சியில் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்தேன், லைனில் நிற்பவர்கள் இதைக் கவனமாக நினைவில் வைக்கவும். நம் போட்டியில் யாருக்குப் பின் யார் சர்வீஸ் போடுவது என்பதை கேப்டன் முன்கூட்டியே எழுதி ஸ்கோரரிடம் கொடுத்துவிட வேண்டும். நன்றாகப் போடுகிறவரே திரும்பத் திரும்பப் போட முடியாது.

பாயிண்டும் செட்டும்

நம் போட்டியில் யார் சர்வீஸ் போட்டாலும் தவறு செய்யாத அணிக்குப் பாயிண்ட். முதலில் 15 எடுக்கும் அணிக்கு செட். மூன்று செட்டில் இரண்டு எடுப்பவர்களுக்கு ஆட்டம். 14-14 ஆனால் இரண்டு பாயிண்ட் முந்த வேண்டும், ஆனால் 17-க்கு மேல் இழுக்க மாட்டோம். ஒவ்வொரு செட்டிலும் அணிக்கு 30 நொடி டைம் அவுட் இரண்டு முறை. கிழக்கு பார்த்து நிற்கும் அணிக்குக் காலை வெயில் கண்ணில் அடிக்கும் என்பதால் செட்டுக்கு ஒரு முறை பக்கம் மாறிக்கொள்வீர்கள். மூன்றாவது செட்டில் ஒரு அணி 8 எடுத்ததுமே மாற வேண்டும்.

வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் வகுப்பிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். நகத்தை வெள்ளிக்கிழமை இரவே வெட்டிக்கொள்ளுங்கள், நீண்ட நகத்தோடு யாரையும் கோர்ட்டுக்குள் விட மாட்டேன். வியர்வையில் பந்து வழுக்கும், ஆளுக்கு ஒரு கைக்குட்டை வேண்டும். தண்ணீர் பாட்டிலும் கட்டாயம்.

அம்பயர் சொல்வதில் சந்தேகம் வந்தால் கேப்டன் மட்டும் கையைத் தூக்கிக் கேட்கலாம். மற்றவர்கள் சத்தம் போட்டால் முதலில் எச்சரிக்கை, இரண்டாம் முறை பாயிண்ட் எதிரணிக்கு. அணிப் பட்டியலை ஏழு ஆடுபவர்கள், மூன்று மாற்று வீராங்கனைகள் என்று எழுதி வியாழன் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் விளையாட்டு அறையில் என் கையில் கொடுத்துவிடவும்.

பி.டி. ஆசிரியை