தரம் 4 தமிழ்: படம் பார்த்து எழுதுதல், புள்ளியிடும் முறை

மூன்று வகுப்பு டீச்சர்மாருக்கும்,

இரண்டாம் தவணைத் தாளின் கடைசி வினா. காலிமுகத்திடலில் அக்காவும் தம்பியும் பட்டம் விடுகிறார்கள். நூல் அறுந்து பட்டம் வடை வண்டியில் விழுகிறது. வடைக்கார மாமா அதை எடுத்துக் கொடுக்கிறார். மூன்று படம், குறைந்தது ஐந்து வசனம், 10 புள்ளி. கருத்துக்கு 5, வசனத்துக்கு 5.

ஒரு வேண்டுகோள். முதல் வாசிப்பில் சிவப்புப் பேனையை மூடி வையுங்கள். கதையை வாசித்து, கருத்துப் புள்ளியைப் பென்சிலால் மூலையில் போட்ட பிறகு பிழை தேடுங்கள். முதல் வரியிலேயே 'குடுத்தார்' என்பதைச் சுழித்துவிட்டால், அதன்பிறகு பிள்ளை சொன்ன எதுவும் நமக்கு நல்லதாகத் தெரியாது. எனக்கும் அப்படித்தான்.

கருத்து

மூன்று படமும் ஒன்றோடொன்று தொடுத்து வந்து, ஏன் நடந்தது அல்லது யாருக்கு எப்படி இருந்தது என்பதும் ஓரிடத்திலாவது இருந்தால் 5. தொடர்ச்சி இருந்து அது இல்லாவிட்டால் 3 அல்லது 4. தெரிகிற பொருட்களை எண்ணிச் சொன்னால் மட்டும் 2. ஒரு படத்தோடு நின்றுவிட்டால் 1.

'காலிமுகத்திடல் கொழும்பில் உள்ள அழகான இடமாகும்' என்று தொடங்கி, டியூஷனில் பாடமாக்கியதை ஒப்புவிக்கும் தாள்கள் வரும். அவற்றில் படத்தைத் தொடும் வரிகளுக்கு மட்டுமே கருத்துப் புள்ளி.

போட்டோக்கொப்பியில் மூன்றாம் படம் கறுத்துவிட்டது. மாமா சிரிக்கிறாரா ஏசுகிறாரா என்று எனக்கே சந்தேகம். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மழை வரப்போகிறது என்று எழுதினாலும் சரி.

இன்னொன்று. 'தாத்தா நூலைப் பிடித்தா' என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. படத்தில் கிழவர் யாரும் இல்லையே என்று வெட்டிவிட வேண்டாம். நம் முஸ்லிம் பிள்ளைகள் வீட்டில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். சிங்களத்தில் அதே சொல் அப்பா! கருத்து முழுச் சரி. 'பிடித்தா' மட்டும் பேச்சுவழக்கு.

வசனம்

சிறந்த ஐந்து வசனங்களை எடுங்கள். எழுவாயும் பயனிலையும் பொருந்தி, காலமும் சரியென்றால் வசனத்துக்கு 1. பேச்சுவழக்கு முடிவோ திணை, பால், எண் பிழையோ இருந்தால் ½. எழுத்துப் பிழைக்கு முழுத்தாளிலும் 1க்கு மேல் குறைக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் ஒரே பிழை ஒரே பிழைதான். முற்றுப்புள்ளி விடுபட்டால் மொத்தமாக ½. வல்லினம் மிகும் இடங்களைத் தரம் 4இல் திருத்திக் காட்டலாம், குறைக்கக் கூடாது. இஸ்ஸோ வடை, பீச், கோல்பேஸ் எதுவும் பிழையல்ல. மொத்தத்தில் அரைப் புள்ளி வந்தால் மேலே ஏற்றிவிடுங்கள்.

இரண்டு தாள்

முதல் தாள்: 'படத்தில் கடல் இருக்கிறது. படத்தில் பட்டம் இருக்கிறது. காகங்கள் பறக்கிறது. படத்தில் மாமா இருக்கிறார். தம்பி அழுகிறான்.'

கருத்து 2. வசனம் 4½, 'காகங்கள் பறக்கின்றன' என்று வரவேண்டும் என்பதால். மொத்தம் 6½, ஆகவே 7. 'படத்தில், படத்தில்' என்று அலுப்பூட்டுகிறதே என்பீர்கள். அந்த அலுப்புக்குக் கருத்தில் ஏற்கனவே தண்டனை கொடுத்தாயிற்று. வசனத்தில் மறுபடி கொடுப்பது அநியாயம்.

இரண்டாம் தாள்: 'தம்பி பட்டம் விட்டான் நூல் அறுந்துட்டு பட்டம் இஸ்ஸோ வடை வண்டில விழுந்திச்சு மாமா ஏசுவார் எண்டு தம்பி அக்காக்கு பின்னால ஒளிச்சான் ஆனா மாமா சிரிச்சிட்டு பட்டத்த குடுத்தார் பட்டத்துல எண்ணெய் வாசம்'

முதல் வசனம் 1, மற்ற நான்குக்கும் ½ வீதம் 2, முற்றுப்புள்ளிக்கு ½ கழித்தால் 2½. கருத்து 5, தயங்காமல். ஏச்சுக்குப் பயந்து அக்காவுக்குப் பின்னால் ஒளிவது படத்தில் இல்லை. பிள்ளை மூன்றாம் படத்துக்கு முன் ஒரு நிமிடத்தைத் தானே கண்டுபிடித்திருக்கிறது. எண்ணெய் வாசத்தை எந்த ஓவியரும் வரைய முடியாது. மொத்தம் 7½, ஆகவே 8.

இந்தத் தாளில் பதினெட்டு இடத்தில் சிவப்புக் கோடு போட வேண்டாம். இரண்டு முற்றுப்புள்ளியை இட்டு, 'விழுந்தது', 'கொடுத்தார்' இரண்டையும் எழுதிக் காட்டுங்கள். எண்ணெய் வாசத்தின் கீழே ஒரு கோடு, பக்கத்தில் 'நல்ல வரி'.

ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து தாளைப் புதன்கிழமை இடைவேளையில் மாற்றிப் பார்ப்போம். ஒரே தாளில் 2 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூவரும் சேர்ந்து வாசித்துவிட்டு மிச்சத்தைத் தொடங்கலாம். புள்ளிப் பட்டியல் வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வரவேண்டும்.