மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பும் ஐயாவுக்கு: டிஸ்சார்ஜ் தாள்

இதயப் பிரிவு, கிழக்கு லண்டன்
நோயாளி: ஆண், 66 வயது. மதுரையிலிருந்து வந்து ஈஸ்ட் ஹாமில் மகள் வீட்டில் தங்கியிருப்பவர்
சேர்ந்த நாள்: 4 மார்ச் 2025, செவ்வாய். வீடு திரும்பும் நாள்: 7 மார்ச் 2025, வெள்ளி

ஐயா, இந்தத் தாளின் மறுபக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஜிபி டாக்டர், ஃபார்மசி, ஆம்புலன்ஸ்காரர் யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தமிழ்ப் பக்கம் உங்களுக்கும் அம்மாவுக்கும். மகள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டில் நீங்கள் இருவர் மட்டும்தான் என்று சொன்னீர்கள். அதை நினைவில் வைத்துத்தான் இதை எழுதியிருக்கிறோம்.

உங்களுக்கு என்ன நடந்தது

இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ரத்தக்கட்டியால் அடைபட்டு மாரடைப்பு வந்தது. வலது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பை நீக்கி, அந்த இடத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். எக்கோ ஸ்கேனில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு கொஞ்சம் குறைந்திருப்பது தெரிந்தது. மருந்தும் நடைப்பயிற்சியும் சேர்ந்தால் பலருக்கு இது தேறுகிறது.

மாத்திரைகள்

28 நாளுக்கானது கையில் தந்திருக்கிறோம். தீரும்வரை காத்திருக்காமல், இரண்டு வாரத்துக்குள் ஜிபியிடம் அடுத்த சீட்டு கேட்டுவிடுங்கள்.

*காலை:* சாப்பிடுவதற்கு அரை மணி முன் லான்சோபிரசோல் 15 மில்லிகிராம், வயிற்றுப் பாதுகாப்புக்கு. சாப்பிட்ட பிறகு ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் (தண்ணீரில் கரைத்து), டிகாக்ரெலார் 90 மில்லிகிராம், பைசோபிரோலால் 2.5 மில்லிகிராம்.

*இரவு:* டிகாக்ரெலார் 90 மில்லிகிராம், ராமிப்ரில் 2.5 மில்லிகிராம், அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம்.

சர்க்கரைக்கு முன்பே போட்டுவந்த மெட்ஃபார்மின் 500 அப்படியே காலையும் இரவும் தொடரலாம்.

இந்த வரிசையில் டிகாக்ரெலாரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டென்ட்டுக்குள் மறுபடி ரத்தம் உறையாமல் தடுப்பது இதுவும் ஆஸ்பிரினும்தான். நீங்களாகவே நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென்று அடைபட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். 2026 மார்ச் வரை, அதாவது ஒரு வருடம், காலை ஒன்று இரவு ஒன்று, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில். ஒரு வேளை மறந்துவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்த வேளைக்கு ஒன்று போடுங்கள். இரண்டு சேர்த்துப் போடக் கூடாது. பல் பிடுங்க வேண்டும், வேறு ஏதோ சிறு ஆபரேஷன் என்று எவர் நிறுத்தச் சொன்னாலும், முதலில் இதய டாக்டரைக் கேளுங்கள்.

இந்த மாத்திரையால் சிலருக்கு மூச்சு லேசாக வாங்கும், பல் துலக்கும்போது கொஞ்சம் ரத்தம் வரும், தோலில் கன்றிப்போகும். இதற்காக நிறுத்தாதீர்கள், ஜிபியிடம் சொல்லுங்கள். ஆனால் மலம் கறுப்பாகத் தார் போலப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 999. ராமிப்ரிலால் வறட்டு இருமல் விடாமல் வந்தால் சொல்லுங்கள், மாற்றி எழுதித் தருவார்கள்.

முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். பாராசிட்டமால் போடலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த லேகியம், சூரணம், மூலிகைப் பொடி எதுவானாலும் ஃபார்மசியில் காட்டிக் கேட்ட பிறகுதான். சஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருக்க நினைத்தால் முதலில் ஜிபியிடமோ எங்களிடமோ பேசுங்கள். சர்க்கரை மாத்திரை போடுவதால் இதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரையை விடக் கூடாது.

நெஞ்சு வலி வந்தால்

இந்தப் பகுதியை மட்டும் நகல் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே வீட்டு முகவரியையும் போஸ்ட்கோடையும் பெரிதாக எழுதி வையுங்கள்.

நெஞ்சில் பாரம், இறுக்கம், எரிச்சல், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் செய்துகொண்டிருப்பதை நிறுத்தி உட்காருங்கள். நெஞ்சு வலிக்கான ஜிடிஎன் ஸ்பிரேயை நாக்குக்கு அடியில் ஒரு முறை அடித்து வாயை மூடிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையவில்லையா, இன்னொரு முறை அடியுங்கள். மேலும் ஐந்து நிமிடம் ஆகியும் வலி இருந்தால் 999. வலி கடுமையாக இருந்தாலோ கூடிக்கொண்டே போனாலோ இந்தப் பத்து நிமிடமும் காத்திருக்க வேண்டாம். ‘வாயுவாக இருக்கும், வெந்நீர் குடித்தால் சரியாகும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் போனது அப்படித்தான். காரிலும் வராதீர்கள், ஆம்புலன்ஸிலேயே சிகிச்சை தொடங்கிவிடும்.

ஸ்பிரே அடித்தால் தலைவலியும் தலைசுற்றலும் வரும், அது சாதாரணம். ஆண்மைக்குறைவுக்கான மாத்திரையோடு மட்டும் இதைச் சேர்க்கவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஆண் நர்ஸிடம் தனியாகக் கேளுங்கள்.

போனில் சொல்ல வேண்டியது:

நீங்கள் பேசினால்: ‘ஆம்புலன்ஸ் ப்ளீஸ். ஐ ஹேவ் செஸ்ட் பெயின். ஐ ஹேட் எ ஹார்ட் அட்டாக் அண்ட் எ ஸ்டென்ட் ஆன் ஃபோர்த் மார்ச்.’

அம்மா பேசினால்: ‘ஆம்புலன்ஸ் ப்ளீஸ். மை ஹஸ்பண்ட் ஹேஸ் செஸ்ட் பெயின். ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட், ஃபோர்த் மார்ச்.’

அதற்குமேல் பேச வரவில்லை என்றால்: ‘தமிழ் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்.’ போனை வைக்காமல் காத்திருங்கள். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111. அங்கேயும் இதே வார்த்தையைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பார்கள், அதற்குப் பணம் கிடையாது.

மணிக்கட்டு

ஒரு வாரம் வலது கையால் கனம் தூக்க வேண்டாம். தண்ணீர் நிறைந்த கெட்டில், அரிசி மூட்டை, பேரப்பிள்ளை மூன்றும் இதில் அடக்கம். ரத்தம் கசிந்தால் பெருவிரலால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால் அழுத்தியபடியே 999. கை குளிர்ந்து வெளுத்தாலும் மரத்துப்போனாலும் 999தான். அந்த இடம் சிவந்து சீழ் வைத்தால் ஜிபி.

சாப்பாடும் நடையும்

சாம்பார், ரசம், கீரை, மீன் குழம்பு எல்லாம் சாப்பிடலாம். உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு நான்கையும் ஒதுக்குங்கள். சாதாரண உப்புக்குப் பதிலாகக் கடையில் விற்கும் பொட்டாசியம் உப்பும் வேண்டாம், ராமிப்ரிலோடு சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். வெற்றிலையோடு போடும் புகையிலையை இன்றோடு விடுங்கள். உதவி வேண்டுமானால் ஜிபியிடம் கேட்கலாம்.

முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் நடங்கள். பிறகு தெருவில் ஐந்து நிமிடம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். நடக்கும்போது பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். மார்ச் மாதக் குளிர்காற்றில் வெளியே போனால் மார்பையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள், ஸ்பிரே சட்டைப் பையில் இருக்கட்டும்.

அடுத்து

இரண்டு வாரத்துக்குள் ஜிபியிடம் ரத்தப் பரிசோதனை: சிறுநீரகம், பொட்டாசியம். ஜிபியில் இன்னும் பதியவில்லை என்றீர்கள். தற்காலிகமாகத் தங்குபவர்களும் பதியலாம், பதிவுக்குக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமையே மகளைச் செய்யச் சொல்லுங்கள்.

இதய மறுவாழ்வு வகுப்புக்கு நர்ஸ் போன் செய்வார். இதய டாக்டரைப் பார்க்கும் நாள் 11 ஏப்ரல் வெள்ளி, காலை 10.20. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டு எழுதியாகிவிட்டது.

விமான டிக்கெட் 18 ஏப்ரலுக்கு. 11ஆம் தேதி டாக்டர் பார்த்துச் சம்மதித்த பிறகே பயணம். மாத்திரை எல்லாம் கைப்பையில், ஆங்கிலப் பக்கத்தின் இரண்டு நகலோடு. ஒரு நகல் மதுரையில் பார்க்கும் இதய டாக்டருக்கு. அங்கே போய் டிகாக்ரெலார் வாங்கிக்கொள்ளலாம் என்று கடைசி மாத்திரைவரை விடாமல், இரண்டு வாரத்துக்காவது கையிருப்போடு புறப்படுங்கள்.