திருநகர் வீட்டு வாரண்டித் தாள் (12.01.2026 நிலவரம்)

அப்பா, அம்மா, தம்பி மூவருக்கும்: மேசை டிராயர், பீரோ, பழைய காலண்டர் பின்பக்கம் எல்லாம் தேடி எடுத்ததை இங்கே சேர்த்துவிட்டேன். கம்பெனி பெயரை எழுதவில்லை. அது பொருளின் நெற்றியிலேயே இருக்கிறது. எழுதி வைக்க வேண்டியது முதுகில் ஒளிந்திருக்கும் எண்ணைத்தான்.

| பொருள் | வாங்கிய நாள் | வரிசை எண் | முழு வாரண்டி (மாதம்) | முடியும் நாள் | தனிப் பாகம் | பில் நகல் |
|---|---|---|---|---|---|---|
| ஃப்ரிட்ஜ் 265 லி | 20.10.2019 | 1909 4472 0815 | 12 | 19.10.2020 | கம்ப்ரசர் 19.10.2029 வரை | 01 (மங்கல்) |
| ஏசி 1.5 டன் | 14.04.2023 | உள்ளே 230318 5561, வெளியே 230322 7049 | 12 | 13.04.2024 | கம்ப்ரசர் 13.04.2033 வரை | 02 |
| வாஷிங் மெஷின் 7 கிலோ | 02.09.2024 | 2407 0093 1186 | 24 | 01.09.2026 | மோட்டார் 01.09.2034 வரை | 03 |
| கிரைண்டர் 2 லி | 08.02.2024 | 2401 55820 | 24 | 07.02.2026 | இல்லை | 04 |
| இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஏஹெச் | 17.06.2022 | 0522 318 4406 | 36 | 16.06.2025 | 16.06.2027 வரை விலையில் கழிவு | 05 |
| கீசர் 15 லி | 05.12.2022 | 2210 66173 | 24 | 04.12.2024 | டேங்க் 04.12.2027 வரை | 06 |
| மிக்ஸி | 11.11.2025 | 2509 71340 | 24 | 10.11.2027 | மோட்டார் 10.11.2030 வரை | 07 |

முடியும் நாளை யாரும் விரல் விட்டு எண்ண வேண்டாம். ஷீட்டில் B பத்தியில் வாங்கிய நாள், D-யில் மாதம் போட்டால் E தானே வந்துவிடும். 30 நாளுக்குள் முடிகிற வரி மஞ்சளாகும். இரண்டுக்கும் இதுதான்:

```
=EDATE(B2,D2)-1
=AND($E2>=TODAY(),$E2-TODAY()<=30)
```

தேதியை 08/02/2024 என்று போடும்போது கவனம் தேவை, தம்பி. ஷீட்டின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது ஆகஸ்ட் 2 ஆகிவிடும். வாரண்டி ஆறு மாதம் கூடிப்போனதாக நாம் ஏமாந்துகொண்டிருப்போம். லொகேலை இந்தியா என்று மாற்றி வைத்திருக்கிறேன்.

பில் 01 ஏன் மங்கல்? ரோல் தாளில் வந்த பில். சூட்டில் அச்சாகும் தாள், வெயிலும் பிளாஸ்டிக் உறையும் பட்டால் எழுத்து வெளுத்துவிடும். பழைய டிவி பேனல் போனபோது நமக்கு நடந்தது இதுதான். வாரண்டி முடிய மூன்று வாரம் இருந்தது, பில்லோ வெள்ளைத் தாள். சர்வீஸ்காரர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேதி தெரியலையே சார்" என்றார். 6,400 ரூபாய் கட்டினோம். அப்பா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நியாயம்தான். அதனால் இனி ரோல் பில் கைக்கு வந்த அன்றே போட்டோ எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட வேண்டும். ஃப்ரிட்ஜ் பில்லில் தேதியும் தொகையும் இன்னும் தெரிகிறது, கடை முத்திரை மட்டும் போய்விட்டது. வாரண்டி கார்டில் கடைக்காரர் சீல் இருப்பதால் அதையும் அதே கோப்பில் வைத்திருக்கிறேன்.

வரிசை எண் எங்கே என்று அம்மா கேட்டீர்கள். ஃப்ரிட்ஜுக்கு உள்ளே, காய்கறி டப்பாவுக்குப் பக்கச் சுவரில். மிக்ஸிக்குக் கவிழ்த்தால் அடியில். வாஷிங் மெஷினுக்குப் பின்பக்கம். இடுக்கில் கையை விட்டு ஃபோனில் எடுத்ததில் நாலு படம் ஆடிப்போனது, ஐந்தாவதுதான் தெளிவு. ஏசிக்கு உள்ளே ஒரு எண், மாடியில் இருக்கும் பெட்டிக்கு இன்னொன்று. புகார் பதியும்போது இரண்டையும் சொல்லுங்கள்.

ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் "10 வருஷ வாரண்டி" என்று கடையில் சொல்வது கம்ப்ரசருக்கு மட்டும். கேஸ் நிரப்புவது, ஆள் கூலி எல்லாம் அதில் வருமா என்பதைக் கார்டில் படித்துத்தான் சொல்ல முடியும். நம் ஏசி கார்டில் ஆள் கூலி வராது என்று போட்டிருக்கிறது. பேட்டரியில் இனி இலவசமாக மாற்றித் தர மாட்டார்கள், புதியது வாங்கும்போது விலையில் ஒரு பங்கு கழிப்பார்கள். அதற்கும் கார்டு வேண்டும். பழைய பேட்டரியை நல்ல விலை என்று வாசலில் வருகிறவரிடம் போட்டுவிடாதீர்கள், அப்பா.

வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால், புகார் எண்ணையும் தேதியையும் H பத்தியில் எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

இப்போது மஞ்சளாக இருப்பது கிரைண்டர் ஒன்றுதான். போன மாதம் உளுந்து அரைக்கும்போது கடகடவென்று சத்தம் வந்ததே, அதைப் பெல்ட்தானே என்று விடாமல் இந்த வாரமே சர்வீஸுக்குச் சொல்லிவிடுங்கள். பொங்கல் லீவு முடிந்து வெள்ளி 23-ம் தேதிக்குள் ஆள் வரவில்லை என்றால் தம்பி நேரில் கடைக்குப் போகட்டும், பில் 04-ன் அச்சு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு. கல் தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது, அதற்காக வாதாட வேண்டாம்.