வியாழக்கிழமை மார்க்கெட்டிங் வகுப்பின் மைண்ட் மேப்

நீ வராத வியாழக்கிழமை மேடம் இரண்டு பீரியடையும் சேர்த்து எடுத்தார். மார்க்கெட்டிங் மிக்ஸ் முழுக்க முடிந்துவிட்டது. என் நோட்டைக் கேட்டிருந்தாய். அதைவிட இது உனக்கு உதவும்: மொத்த வகுப்பையும் ஒரே ஏ4 தாளில் மைண்ட் மேப்பாகப் போட்டிருக்கிறேன். போட்டோவில் சின்ன எழுத்து சரியாக விழவில்லை. அதனால் கிளை கிளையாக இங்கே எழுதுகிறேன். நீயே உன் கையால் வரைந்துகொள். ஜெராக்ஸ் எடுக்காதே, நிறம் போய்விடும். நிறம் போனால் எந்தக் கிளை எங்கே போகிறதென்றே தெரியாது.

தாளைப் படுக்கைவாக்கில் வை. நடுவில் கூடையோடு ஒரு அம்மாவை வரைந்து, கீழே வாங்குபவர் என்று எழுது. 'மார்க்கெட்டிங்' என்று எழுதாதே. மேடம் ஆரம்பித்ததே அங்கேதான்: கடையிலிருந்தோ பொருளிலிருந்தோ தொடங்காதீர்கள், வாங்க வருகிறவரிடமிருந்து தொடங்குங்கள் என்றார். அதனால் எல்லாக் கிளையும் அந்த அம்மாவிடமிருந்துதான் கிளம்ப வேண்டும். கிளை நடுவில் தடிமனாக இருந்து, போகப்போக மெலியட்டும்.

ஊதாக் கிளை: ஏன் வாங்குகிறார்?
பசி → அத்தோ → கையில் காசு
ரயிலா? பயணமா?

முதல் வரிசைதான் நீட், வான்ட், டிமாண்ட். பசி தேவை. பர்மா பஜார் பக்கம் போனால் அந்தப் பசி அத்தோவாக, அதாவது அந்த பர்மா நூடுல்ஸாக மாறுகிறது, அது விருப்பம். வாங்கக் கையில் காசும் இருந்தால்தான் டிமாண்ட். இட்லி என்றுதான் மேடம் சொன்னார். அத்தோ நான் போட்டது. நமக்கு எது சட்டென்று ஞாபகம் வருமோ அதைப் போட்டால் போதும்.

இரண்டாவது வரி தியோடர் லெவிட் 1960-இல் எழுதிய கட்டுரை. அமெரிக்க ரயில் கம்பெனிகள் தாங்கள் ரயில் தொழிலில் இருப்பதாகவே நினைத்தன, பயணத் தொழிலில் இருப்பதாக நினைக்கவில்லை. அதனால் காரும் லாரியும் விமானமும் அவர்களுடைய ஆட்களைக் கொண்டுபோயின. இதை நோட்டில் பக்கமாக எழுதியிருக்கிறேன். மேப்பில் இரண்டு கேள்விக்குறி போதும்.

பச்சைக் கிளை: யாருக்கு?
பிரி → இடம், வயது, வாழ்க்கை, பழக்கம்
பொறுக்கு
மனதில் நிறுத்து → புல்லட்

எஸ்.டி.பி. என்று பரீட்சையில் கேட்பது இதுதான். செக்மென்டேஷன், டார்கெட்டிங், பொசிஷனிங் என்ற மூன்று பெயரையும் பச்சைக் கோட்டின் மேல் பொடியாக எழுதிக்கொள். 'புல்லட்' எதற்கென்றால், ராயல் என்ஃபீல்டு 1955-லிருந்து நம் திருவொற்றியூரோடு சேர்ந்த வண்டி. மைலேஜைப் பார்த்து அதை யாரும் வாங்குவதில்லை. அந்தச் சத்தமும் அந்தக் கம்பீரமும் மனதில் ஓர் இடம் பிடித்திருக்கின்றன. பொசிஷனிங்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

சிவப்புக் கிளை: நான்கு பி
இதற்குத் தாளின் வலது பாதி முழுவதையும் கொடு. கோட்டின் மேல் 'மெக்கார்த்தி 1960'. புராடக்ட், பிரைஸ், பிளேஸ், புரமோஷன் என்று நான்கு பி-யாகச் சொன்னவர் அவர்தான், மார்க்கெட்டிங் மிக்ஸ் என்பதும் இதுதான். அதிலிருந்து நான்கு சிறுகிளை.

பொருள் → தரம், பேக்கிங், பெயர்
விலை → மேலிருந்து இறங்கு / கீழிருந்து ஏறு / சாஷே
இடம் → படகு, ஏலம், கூடை, வீடு
புரமோஷன் → தள்ளு / இழு

'மேலிருந்து இறங்கு' ஸ்கிம்மிங்: புது போன் வரும்போது அதிக விலை, போகப்போகக் குறைவு. 'கீழிருந்து ஏறு' பெனட்ரேஷன்: குறைந்த விலையில் நுழைந்து ஆளைச் சேர்ப்பது. இடத்துக்கு மேடம் சேனல் படம் வரைந்தார்: உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, வாடிக்கையாளர். காசிமேட்டில் படகு வந்து, மீன் ஏலம் போய், கூடைக்காரம்மா தெருவுக்குக் கொண்டுவந்து, நம் வீட்டுச் சட்டியில் விழுகிற வழியும் அதே நான்கு படிதான். நான்கு சொல்லாகப் போட்டுவிட்டேன். 'தள்ளு' என்றால் கடைக்காரருக்குக் கமிஷன் கொடுத்துப் பொருளைத் தள்ளுவது. 'இழு' என்றால் விளம்பரம் கொடுத்து வாடிக்கையாளரையே கடைக்கு வந்து கேட்கவைப்பது.

இப்போது 'சாஷே'. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன். மேடம் ரொம்ப நேரம் சொன்ன கதை இது. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் தனியாக வந்து சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். முழு பாட்டில் வாங்க முடியாதவரும் ஒரு தடவை தலைக்குப் போடுகிற அளவை வாங்கலாம். காலி பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்ற திட்டமும் இருந்தது. முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டார்கள், அப்புறம் சிக் பாக்கெட்டை மட்டும்.

இதை எந்தச் சிறுகிளையில் வைப்பது? சின்னப் பாக்கெட் என்பது பொருள். சில்லறைக் காசு என்பது விலை. பெட்டிக்கடைச் சரம் என்பது இடம். காலி பாக்கெட் என்பது புரமோஷன். நான்கிலும் நான்கு தடவை எழுதினால் மேப் நோட்டாகிவிடும். அதனால் விலையில் மட்டும் எழுதி, மற்ற மூன்று சிறுகிளைக்கும் பென்சிலால் புள்ளிக்கோடு இழு. அப்படியே இன்னொரு புள்ளிக்கோடு ஊதாவில் இருக்கிற 'கையில் காசு' வரைக்கும் போகட்டும். 'மார்க்கெட்டிங் மிக்ஸை உதாரணத்துடன் விளக்குக' என்று பத்து மார்க் கேள்வி வந்தால், அந்த ஐந்து முனையையும் வரிசையாக எழுதினாலே பதில் முடிந்துவிடும்டி. நான்கு பி-யும் தனித்தனியில்லை, ஒன்று மாறினால் மற்றதும் மாற வேண்டும் என்று மேடம் திரும்பத் திரும்பச் சொன்னதும் அந்தக் கோடுகளில் இருக்கிறது.

நீலக் கிளை: சேவைக்கு இன்னும் மூன்று
மக்கள், நடைமுறை, கண்ணில் படுவது
காலி சீட்

நான்கு பி-யோடு பூம்ஸும் பிட்னரும் 1981-இல் சேர்த்தவை. உதாரணம் நம் மெட்ரோ: டிக்கெட் கொடுப்பவர், கேட்டில் கார்டு தட்டுவது, பளிச்சென்ற பிளாட்பாரம். 'காலி சீட்' சேவையைச் சேமித்துவைக்க முடியாது என்பதற்கு. தண்டையார்பேட்டையில் காலியாகக் கிளம்பிய சீட்டை நாளைக்கு விற்க முடியாது.

ஆரஞ்சுக் கிளை: பொருளின் ஆயுள்
அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு. மேலே ஒரு குன்று மாதிரி வளைகோடு. மேடம் வேகமாகத்தான் முடித்தார், டெஸ்ட்டில் இரண்டு மார்க்குக்கு மேல் வராது.

எழுதும்போது ஒன்று பார்த்துக்கொள்: ஒரு முனையில் மூன்று சொல்லுக்கு மேல் வந்தால் நிறுத்து. எது இல்லாவிட்டாலும் கதை ஞாபகம் வருமோ அதை அடி. 'தரமான பேக்கிங் வாடிக்கையாளரைக் கவரும்' என்று எழுதிவிட்டால் அதை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவாய். 'பேக்கிங்' மட்டும் இருந்தால், அது ஏன் அங்கே இருக்கிறதென்று நீயே யோசித்தாக வேண்டும். வரைந்து முடித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு, சிவப்புக் கிளையை மட்டும் வெள்ளைத்தாளில் போட்டுப் பார். எந்த முனை வரவில்லையோ அதற்கு மட்டும் என் நோட்டைப் பார்த்தால் போதும்.

இடது கீழ் மூலையைக் காலியாக விடு. அடுத்த வாரம் பிராண்டிங் எடுக்கப்போகிறார். அதற்கு பிரவுன் ஸ்கெட்ச் எடுத்து வை. மஞ்சள் வேண்டாம், ராத்திரி டியூப்லைட்டில் அது கண்ணுக்கே தெரிவதில்லை.