எங்கள் பேத்தியின் பெயர் சூட்டு விழா அழைப்பிதழ்

சங்கரலிங்க சுவாமி, கோமதி அம்பாள் துணை

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மகள் கவிதாவுக்கும் மருமகன் முருகேசனுக்கும் நிகழும் விசுவாவசு ஆண்டு ஐப்பசித் திங்கள் 22ஆம் நாள் (8.11.2025) சனிக்கிழமை அதிகாலையில், மும்பையில் சுகப்பிரசவமாகத் தலைச்சன் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். பிறந்தபோது எடை 2 கிலோ 900 கிராம். தாயும் சேயும் நலம்.

முகப்பில் உள்ள படம், மூன்றாம் நாள் காலையில் தாய்மாமன் தன் கைப்பேசியில் ஜன்னல் ஓரமாக வைத்து எடுத்தது. சங்கரன்கோவிலில் இருக்கும் பூட்டிக்குக் கண்புரை அறுவை முடிந்து இன்னும் பார்வை தெளியவில்லை. படத்தை உற்றுப் பார்க்க அவரால் முடியாது. இந்த அழைப்பை யாரேனும் அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்பதால், படத்தில் இருப்பதை இருக்கிறபடியே எழுதுகிறோம். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

குழந்தையைச் சுற்றியிருப்பது ஆச்சியின் பழைய சுங்குடிச் சேலையில் கிழித்துத் துவைத்துக் காயவைத்த துணி. அந்த அரக்குச் சிவப்புக்கு நடுவே முகம் மட்டும் தெரிகிறது. தலை நிறைய முடி. நெற்றியின் நடுவில் ஒரு கற்றை முன்னால் விழுந்து, எண்ணெய் தடவாமலே படிந்து கிடக்கிறது. புருவம் இன்னும் முழுதாக வரவில்லை. பென்சிலால் லேசாகக் கீறிவிட்டாற்போல இரண்டு கோடுகள்தாம். வலக்கண் மூடியிருக்கிறது. இடக்கண் பாதி திறந்து, நம்மைப் பார்க்கிறதா வெளிச்சத்தைப் பார்க்கிறதா என்று சொல்ல முடியாதபடி ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது. பிறந்த குழந்தைக்கு ஒரு முழ தூரத்துக்கு அப்பால் எல்லாம் மங்கல்தான் என்று மருத்துவர் சொன்னார். ஆகவே வெளிச்சமாகத்தான் இருக்கும்.

மூக்கு சிறியது, நுனி சற்றே உருண்டது. அதன் மேல் ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அது படத்தின் குறையன்று. பல குழந்தைகளுக்கும் இருப்பதுதான், சில வாரங்களில் தானே மறையும், யாரும் கிள்ளவோ தேய்க்கவோ வேண்டாம் என்று செவிலியர் சொல்லியிருக்கிறார். இந்த மூக்கு எங்கள் வீட்டு மூக்கு என்று ஆச்சியும், தங்கள் வீட்டு மூக்கு என்று சம்பந்தியம்மாளும் இரண்டு வாரமாகச் சொல்லி வருகிறார்கள். மேலுதட்டின் நடுவில் பால் குடித்துக் குடித்து ஒரு சிறு தடிப்பு. மோவாயில் ஒரு குழி இருக்கிறது. அது முருகேசனுடையது என்பதில் மட்டும் யாருக்கும் மறுப்பில்லை. இடக்காது மடிந்திருப்பது படுத்த வாகினால். காது மடலின் ஓரத்தில் பூனைமுடி இருப்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் காணலாம்.

படத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது கைதான். துணிக்கு வெளியே நீண்டிருக்கும் வலக்கை, கவிதாவின் சுண்டுவிரலை ஐந்து விரல்களாலும் சுற்றிப் பிடித்திருக்கிறது. மணிக்கட்டில் தோல் வெங்காயச் சருகுபோல உரிகிறது. அதற்குக் கீழே மருத்துவமனையில் கட்டிய அடையாளப் பட்டை. நகங்கள் அரிசிக் குருணையை விடச் சிறியவை என்றாலும் கூரானவை, கன்னத்தில் உள்ள மெல்லிய கீறல் அவற்றின் வேலை. நிறத்தைப் பற்றி எழுதவில்லை. பிறந்த வாரத்துச் சிவப்பு நிலைக்காது, மேலும் அது அழைப்பிதழில் எழுதத் தக்க செய்தியும் அல்ல.

குழந்தைக்குப் பெயர் சூட்டித் தொட்டிலில் இடும் விழா, பதினாறாம் நாளாகிய கார்த்திகைத் திங்கள் 7ஆம் நாள் (23.11.2025) ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு, மாட்டுங்கா கிழக்கில் உள்ள எங்கள் குடியிருப்பின் தரைத்தளக் கூடத்தில் நடைபெறும். தாய்மாமன் கொண்டுவரும் தொட்டிலில் இட்ட பின், அத்தை குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வார். அதுவரை பெயர் வெளியில் வராது. முன்கூட்டிக் கேட்டு எங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து, குழந்தையை வாழ்த்தி, மதிய விருந்திலும் கலந்துகொள்ள வேண்டுகிறோம்.

தாணே, முலுண்டு பக்கமிருந்து வருவோர் ஸ்லோ வண்டியில் ஏறவும். ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவில் நிற்காது, தாதரில் இறங்கித் திரும்ப வேண்டியிருக்கும். ஞாயிறு என்பதால் மெகா பிளாக் உண்டா என்று முதல்நாளே பார்த்துக்கொள்ளவும். குழந்தையைத் தூக்க விரும்புவோர் கைகழுவக் கூடத்தின் வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் வைத்திருக்கிறோம். கண்ணுக்கு மை தீட்டுவதில்லை, நாக்கில் சேனை வைப்பதில்லை என்று மருத்துவர் சொற்படி முடிவு செய்திருக்கிறோம். திருஷ்டிப் பொட்டுக்கு உள்ளங்கால் போதும் என்று பூட்டியும் தொலைபேசியில் ஒப்புக்கொண்டுவிட்டார்.

தங்கள் அன்புள்ள,
சங்கரலிங்கம் – பாப்பா அம்மாள்
மாட்டுங்கா, மும்பை