கடைப் பதிவுகள்: சுருக்கியவை

அண்ணாச்சி, வணக்கம். நீங்கள் எழுதித் தந்த பதிவுகளைச் சுருக்கி அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சரி என்றால் நாளைக் காலையே போட்டுவிடலாம்.

முதலில் மக்ரூன். நீங்கள் எழுதியது:

"எங்கள் அன்பான வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இனிய காலை வணக்கம். தூத்துக்குடியின் புகழ்பெற்ற மக்ரூன், தரமான முந்திரி, முட்டையின் வெள்ளைக்கரு மற்றும் சீனி கொண்டு நமது கடையில் இன்று புதிதாகத் தயாரிக்கப்பட்டு, காலை 11 மணி முதல் விற்பனைக்குக் கிடைக்கும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இன்ஸ்டாகிராம் 2,200 எழுத்து வரை ஏற்கும். ஆனால் படத்துக்குக் கீழே ஏறக்குறைய 125 எழுத்துதான் தெரியும், மீதியைத் தட்டித்தான் படிக்க வேண்டும். இதில் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பாதி இடம் போய்விடுகிறது. தமிழில் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். 'கேக்' என்பதே நாலு எழுத்து. அதனால் இப்படி:

"இன்னைக்குப் போட்ட மக்ரூன் ஆறிடுச்சு, வாங்க! முந்திரி, முட்டை வெள்ளை, சீனி. அவ்வளவுதான். காலை 11 மணியிலிருந்து."

110 எழுத்து. 'தரமான', 'புகழ்பெற்ற' இரண்டையும் எடுத்துவிட்டேன். எல்லாக் கடையும் அதைத்தான் எழுதுகிறது. என்னென்ன சேர்க்கிறோம் என்று சொல்வதே போதும். 'வாங்க' மட்டும் கட்டாயம் இருக்கட்டும்; கல்லாவில் உட்கார்ந்து நீங்கள் கூப்பிடுகிற குரல் அதுதான்.

அப்புறம் மழைக்கால பதிவு. நல்ல விஷயத்தைக் கடைசி வரியில் ஒளித்துவைத்திருந்தீர்கள், அதை முன்னால் கொண்டுவந்தேன். எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு 280 எழுத்து, தாராளமாக அடங்கும்:

"மழைக்கு மக்ரூன் நமுத்துப்போகும். வீட்டுக்குப் போனதும் டப்பாவுல போட்டு இறுக்கி மூடிடுங்க. பிள்ளைங்க கண்ணுல படாம வைக்கிறது உங்க பொறுப்பு!"

பிறந்தநாள் கேக்குக்கு 'முன்பதிவு செய்து ஒத்துழைப்பு நல்குமாறு' என்பதைப் படித்தால் அலுவலக நோட்டீஸ் போல இருக்கிறது. மாற்றியது:

"நாளைக்குப் பிறந்தநாளா? இன்னைக்குச் சாயங்காலம் 6 மணிக்குள்ள சொல்லிடுங்க. பேரை எழுத்து மாறாம எழுதித் தர்றோம். முட்டை இல்லாத கேக்கும் உண்டு."

கடைசியாக, கடையைப் பற்றிய அறிமுக வரி. இன்ஸ்டாகிராமில் 150 எழுத்து, வாட்ஸாப்பில் 139. இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று 130க்குள் முடித்தேன்:

"தூத்துக்குடி மக்ரூன், தேங்காய் பன், பிறந்தநாள் கேக். காலை 7 முதல் இரவு 9 வரை. செவ்வாய் லீவு. கேக் வேணும்னா முந்தின நாளே சொல்லுங்க."

செவ்வாய் லீவை மட்டும் எவ்வளவு இடம் குறைந்தாலும் எடுக்க வேண்டாம், அண்ணாச்சி. திருச்செந்தூர் போய்விட்டு வருகிற வழியில் கடையைத் தேடி வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பக் கூடாது.

மக்ரூன் விலையை எதிலும் போடவில்லை. கால் கிலோ விலையைச் சொன்னால் முதல் பதிவின் கடைசியில் சேர்த்துவிடுகிறேன், அதற்கு இன்னும் 15 எழுத்து இடம் இருக்கிறது.